பஸ்ஸைப் பிடித்தீர்களா, ஆட்டோ ஏறினீர்களா: 'குட்' படுத்தும் பாடு

கேள்வி: மழையில் தேவனாம்பட்டினத்திலிருந்து கடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் போய், புதுச்சேரி பஸ்ஸைப் பிடித்தேன். பஸ் லேட்டாகத்தான் கிளம்பியது, ஆட்டோவே தேவைப்பட்டிருக்காது. செலவுக் கடிதத்தில் 'ஐ குட் கேட்ச் த பஸ்', 'ஐ டிடின்ட் நீட் டு டேக் ஆன் ஆட்டோ' என்று எழுதினேன். மேனேஜர் இரண்டையும் சுழித்துவிட்டார். என்ன தப்பு?

பதில்: சுழித்தது சரிதான். முதல் வாக்கியத்தை வைத்து நீங்கள் பஸ்ஸைப் பிடித்தீர்களா இல்லையா என்று சொல்ல முடியாது. 'குட்' என்பது அந்தக் காலத்தில் இருந்த பொதுத் திறமைக்கு. 'சின்ன வயசில் ஐ குட் ஸ்விம்' என்றால் எப்போது இறங்கினாலும் நீந்துவேன் என்று பொருள். அன்றைக்கு ஒரு தடவை முயன்று முடித்த காரியத்துக்கு 'ஐ வாஸ் ஏபிள் டு கேட்ச் த பஸ்' என்றுதான் வர வேண்டும். 'ஐ மேனேஜ்ட் டு கேட்ச்' என்றாலும் சரி.

வெள்ளைக்காரர்களே 'குட்' சொல்கிறார்களே என்று யாராவது கேட்கலாம். சொல்வார்கள், ஆனால் எங்கே என்று கவனியுங்கள். பிடிக்க முடியவில்லை என்றால் 'ஐ குடன்ட் கேட்ச் த பஸ்', அது ஒரு தடவைக்கும் சரி. பார்ப்பது, கேட்பது, நினைவிருப்பது போன்ற வினைகளிலும் தடையில்லை: 'ஐ குட் ஹியர் த ஹார்ன்'.

'குட் என்றால் முடிந்தது' என்று ஒரே வரியில் முடித்துவிடும் கைடுகள்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. 'நீந்த முடிந்தது', 'பஸ்ஸைப் பிடிக்க முடிந்தது' இரண்டையும் நாம் ஒரே சொல்லால் சொல்கிறோம். அதை அப்படியே மாணவன் தலையில் ஏற்றினால் இந்தத் தப்பு வராமல் எப்படி இருக்கும்?

இரண்டாவது வாக்கியத்தில்தான் பணமே சிக்கியிருக்கிறது. 'டிடின்ட் நீட் டு' என்றால் அவசியம் இருக்கவில்லை, அவ்வளவுதான். ஏறினீர்களா என்று அது சொல்லாது. படிப்பவர் பெரும்பாலும் ஏறவில்லை என்றே எடுத்துக்கொள்வார். கூடவே ஆட்டோ ரசீது இருந்தால் கணக்கு இடிக்கும். 'ஐ நீடன்ட் ஹேவ் டேக்கன் ஆன் ஆட்டோ' என்றால் ஏறியாயிற்று, ஆனால் வீண். சந்தேகம் வந்தால் பின்னால் 'சோ ஐ வாக்ட்' சேர்த்துப் பாருங்கள். 'டிடின்ட் நீட் டு' அதோடு ஒட்டும், 'நீடன்ட் ஹேவ்' ஒட்டவே ஒட்டாது. 'நீடன்ட்' பின்னால் 'டு' போடாதீர்கள். 'ஹேவ்' பின்னால் 'டேக்' அல்ல, 'டேக்கன்'.

'டிடின்ட் நீட் டு என்பதில் நீட்டை அழுத்திச் சொன்னால் ஏறினேன் என்றும் வருமே' என்பது பேச்சுக்கு உண்மை. அமெரிக்கர்கள் 'நீடன்ட் ஹேவ்' அதிகம் சொல்வதில்லை என்பதும் உண்மை. ஆனால் காகிதத்தில் அழுத்தம் கேட்காது.

அதற்காக, செலவுக் கடிதத்தில் 'நீடன்ட் ஹேவ்' எழுதிவிடாதீர்கள். இலக்கணம் சரியாக இருக்கும், ஆனால் செலவு வீண் என்று நீங்களே கையெழுத்துப் போட்டதாகிவிடும். கிளம்பும்போது இருந்த காரணத்தை எழுதுங்கள்: 'இட் வாஸ் ரெய்னிங், சோ ஐ டுக் ஆன் ஆட்டோ அண்ட் வாஸ் ஏபிள் டு கேட்ச் த பஸ்.'