நகத்தில் குழி, விரல் நுனி மூட்டில் வலி: தோல் மருத்துவரிடம் கேள்வி பதில்

மன்னார்குடியிலிருந்து ஒருவர்: அம்மா நடவுக்குப் போகிறவர். நகங்களில் ஊசி குத்தினாற்போல் குழிகள், இரண்டு நகம் சதையை விட்டுத் தூக்கி நிற்கிறது. பூஞ்சை மாத்திரை மூன்று மாதம் கொடுத்தும் கேட்கவில்லை. இப்போது விரலும் வலிக்கிறதாம்.

சேற்றில் நிற்கிறவர் என்றாலே பூஞ்சை என்று முடிவு கட்டிவிடுகிறோம். பூஞ்சை நகத்தைத் தடிப்பாக்கும், பொடியாக்கும். பொடிப்பொடியாகக் குழி விழச் செய்வது அரிது. தூக்கிய இடத்தின் ஓரத்தில் எண்ணெய் சிந்தினதுபோல் மஞ்சளும் சிவப்புமாகக் கறை இருக்கிறதா பாருங்கள். இருந்தால், தோல் செதில் செதிலாக உரியும் சொரியாசிஸ் நோய் நகத்தில் வந்திருக்கிறதோ என்ற சந்தேகம் வலுக்கும்.

குறுவை நடவு நேரத்தில் இதேபோல் ஓர் அம்மா வந்தார். காலையில் கோலமாவைக் கிள்ள முடியாது, பத்து மணிக்கு மேல்தான் விரல் இளகும் என்றார். வலது ஆள்காட்டி விரலில் நகத்தை ஒட்டிய மூட்டு வீங்கியிருந்தது; அதிகம் கெட்டிருந்ததும் அதே விரல் நகம்தான். விரலை நீட்டும் தசைநார் நகத்தின் வேரை ஒட்டித்தான் எலும்பில் பிடித்திருக்கிறது. அதனால் அழற்சி ஒன்றிலிருந்து மற்றதற்குப் பரவும். நகத்தை வெட்டிப் பரிசோதித்தோம், பூஞ்சை இல்லை. காதுக்குப் பின்னால் செதில் இருந்தது. பொடுகு என்று விட்டிருக்கிறார். சொரியாசிஸ் மூட்டுக்கும் வந்த சொரியாசிஸ் மூட்டுவாதம் என்று மூட்டு மருத்துவரிடம் அனுப்பினேன், அவர் அழற்சியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை தொடங்கினார். மூன்று மாதத்தில் வீக்கம் வடிந்தது. கை நகம் மாதம் 3 மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால் நல்ல நகம் வர அரை வருடம் ஆனது. உங்கள் அம்மாவையும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். மூட்டு அரித்துவிட்டால் திரும்பாது.

கும்பகோணம்: எனக்கும் நுனி மூட்டு வலி. முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் ரத்தத்தில் இல்லை. அப்போ வாதம் இல்லை, வயசுத் தேய்மானம்தானே?

பாதி சரி. சொரியாசிஸ் மூட்டுவாதத்தில் பெரும்பாலும் அது இல்லை என்றுதான் வரும். தேய்மானமும் இதே மூட்டில் வருவது உண்மை. அதில் முடிச்சு எலும்பாய்க் கெட்டியாக இருக்கும், வேலை செய்யச் செய்ய வலிக்கும். காலையில் அரைமணிக்கு மேல் விறைப்பு, விரல் முழுவதும் உருண்ட வீக்கம் என்றால் வாதத்தின் பக்கம் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். உங்கள் நகம் எப்படி இருக்கிறது என்று எழுதவில்லையே?

திருவாரூர்: கதவில் நசுங்கி என் கட்டைவிரல் நகம் கறுத்துத் தூக்கிவிட்டது. எனக்கும் மூட்டுக்கு வருமா?

அது அடிபட்ட ரத்தக்கட்டு. நகம் வளர வளரக் கறுப்பும் முன்னே நகரும். நகராமல் அகலமாகிக்கொண்டே போனால் மட்டும் உடனே காட்டுங்கள்.

பட்டுக்கோட்டை: வாரம் ஒருநாள் போடச்சொன்ன மெத்தோட்ரெக்சேட் பத்தவில்லை என்று அண்ணன் ஐந்து நாளாகத் தினமும் போடுகிறார். வலிக்கு ஊசியும் போட்டுக்கொள்கிறார். பரவாயில்லையா?

இல்லை. மாத்திரையை இப்போதே நிறுத்தி, அட்டையோடு இன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். தினமும் போட்டால் ரத்த அணுக்கள் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வாயில் புண், காய்ச்சல் வரும் வரை காத்திருக்காதீர்கள். ஊசி என்ன என்றும் கேட்டுச் சொல்லுங்கள். அது ஸ்டீராய்டு என்றால், விடும்போது சொரியாசிஸ் உடம்பெங்கும் கிளம்பக்கூடும்.