தமிழ் வரி ஒரு வேலை, ஆங்கில வரி ஒரு வேலை

கேள்வி: தாத்தாவுக்கும் அம்மாயிக்கும் அடுத்த மாதம் 50வது கல்யாண நாள். ஹட்டன் பக்கம் தோட்டத்தில்தான் இன்னும் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் நாங்கள் கொழும்பிலும் மாமா பிள்ளைகள் லண்டனிலும் இருக்கிறோம். ஒரு வரி தமிழ், ஒரு வரி ஆங்கிலம் என்று வாழ்த்து வீடியோவுக்கு எழுதினேன். வாசித்துக் காட்டினால் அம்மா, "ஸ்கூல் விழா அறிவிப்பு மாதிரி இருக்கு" என்கிறார். எங்கே பிழை?

பதில்: நீங்கள் அனுப்பிய வரிகளைப் படித்தேன். ஒவ்வொரு ஆங்கில வரியும் அதற்கு முந்தைய தமிழ் வரியின் மொழிபெயர்ப்பாக இருக்கிறது. அறிவிப்பாளர்கள் செய்வது அதைத்தான். இரண்டும் தெரிந்தவருக்கு ஒரே விஷயம் இரண்டு தடவை காதில் விழுகிறது. அம்மாயிக்கோ பாதி வீடியோ புரியாமலே போய்விடும்.

'நாங்கள் உங்களை மிகவும் நேசிக்கிறோம்' என்று ஒரு வரி இருக்கிறதே, அதை வீட்டில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ஆங்கிலத்தில் 'வீ லவ் யூ' சாதாரணப் பேச்சு. தமிழில் அந்தப் பாசத்தைச் சொல்ல ஒரு சம்பவம் வேண்டும். வாழ்த்தும் அப்படித்தான். ஆங்கிலத்தில் சின்னப்பிள்ளைகூட பெரியவரை வாழ்த்தலாம். நம் வழக்கத்தில் சின்னவர்கள் கும்பிட்டு ஆசீர்வாதம் கேட்பார்கள். அதனால் வேலையைப் பிரித்துக் கொடுங்கள். நினைவும் கும்பிடும் தமிழில் வரட்டும். வாழ்த்தும் சின்னக் குறும்பும் ஆங்கிலத்தில் வரட்டும்.

உங்கள் கடிதத்தில் இருந்த விஷயங்களை வைத்தே மாற்றிப் பார்த்தேன்:

நீங்கள்: தாத்தா, அம்மாயி, எல்லாரும் கும்புட்டுக்கிறோம்.
லண்டன் தங்கை: ஹேப்பி ஆனிவர்சரி, தாத்தா, அம்மாயி!
உங்கள் தம்பி: அம்மாயி, கொழுந்து எடுத்துட்டு வந்து கூடைய எறக்குன கையோட எங்களுக்கு ரொட்டி சுட்டுக் குடுப்பீங்க.
லண்டன் தம்பி: ஐ வான்ட் தட் ரொட்டி, அம்மாயி!
நீங்கள்: தாத்தா, ஹட்டன் ஸ்டேஷன்ல எங்கள ஏத்தி விட்டுட்டு, ரயில் மறையிற வரைக்கும் கைகாட்டிக்கிட்டே நிப்பீங்க.
லண்டன் தங்கை: தேங்க் யூ, தாத்தா! பை பை!
எல்லாரும்: எங்கள ஆசீர்வாதம் பண்ணுங்க.

இதில் ஆங்கில வரி நான்கு ஐந்து சொல்லைத் தாண்டவில்லை. ரொட்டி, தாத்தா, தேங்க் யூ, பை பை என்று அவர்கள் காதுக்குப் பழகிய சொல் ஒவ்வொரு வரியிலும் ஒன்றாவது இருக்கிறது. சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஆங்கில வரிகளை விரலால் மறைத்துவிட்டுத் தமிழை மட்டும் வாசியுங்கள். கதை எங்கும் அறுபடக்கூடாது. உங்கள் பழைய எழுத்தில் ஒரே வாக்கியத்தின் முன்பாதி தமிழிலும் பின்பாதி ஆங்கிலத்திலும் போகிற இடங்கள் இரண்டு உண்டு. தமிழில் வினைச்சொல் கடைசியில்தானே வருகிறது? அதற்கு முன்னாலேயே வெட்டினால், தாத்தா என்ன செய்தார் என்பது அவருக்கே தெரியாமல் போய்விடும்.

லண்டன் பிள்ளைகளும் ஒரு தமிழ் வரி சொல்ல வேண்டும் என்று மாமா ஆசைப்படலாம். தயவுசெய்து ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி அனுப்பாதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு தடவை அப்படி அனுப்பி, 'வாழ்த்துகள்' அங்கே 'வாஸ்துகல்' ஆகித் திரும்பி வந்தது. ழகரத்துக்குப் போடும் இசட்டும் எச்சும் அந்தப் பிள்ளைகளுக்கு வேறு சத்தம். நீங்களே மெதுவாகச் சொல்லி வாய்ஸ் மெசேஜாக அனுப்புங்கள், கேட்டுத் திருப்பிச் சொல்லட்டும். ழகரம் இல்லாத 'கும்புட்டுக்கிறோம்' போதும். கொஞ்சம் கொச்சையாக வந்தால் அம்மாயி அதையே பத்துப் பேரிடம் சொல்லிச் சிரிப்பார்.

அப்புறம் சத்தம். வயதானால் காதில் முதலில் குறைவது மெல்லிய கீச்சுச் சத்தங்கள்தான், அதாவது சின்னப்பிள்ளைகளின் குரலும் 'ஸ', 'ஃப' போன்ற ஒலிகளும். பேச்சுக்கு அடியில் பாட்டு ஓடவிட்டால் அதுவும் போய்விடும். பாட்டை ஆரம்பத்தில் மட்டும் வையுங்கள். வரிக்கும் வரிக்கும் நடுவில் ஒரு மூச்சு விடுங்கள். போனைக் கைநீட்டும் தூரத்துக்குள் வைத்துப் பேசச் சொல்லுங்கள். தோட்டத்து வீட்டில் ஏதாவது எடுப்பதானால் மழை இல்லாத நேரமாகப் பாருங்கள், தகரக் கூரைக்கு அடியில் எந்த மைக்கும் தோற்றுப்போகும்.

'ஆசீர்வாதம் பண்ணுங்க' என்றதும் வீடியோவை முடித்துவிடாதீர்கள். அவர்கள் இரண்டு பேருடைய பழைய படம் ஒன்றைப் பத்து விநாடி அப்படியே நிறுத்தி வையுங்கள். கேட்டதற்கு அம்மாயி திரையைப் பார்த்தே பதில் சொல்லிவிடுவார். அந்த நேரத்தில் பக்கத்தில் யாராவது இன்னொரு போனில் அவரை எடுத்து லண்டனுக்கு அனுப்பட்டும்.