நாற்பது நிமிடப் பேச்சும் அதன் கடைசி இரண்டு நிமிடமும்

"வேறு ஊரில் இருக்கும் அப்பாவுடன் ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுகிறேன். நாற்பது நிமிடத்துக்குக் குறையாது, நன்றாகத்தான் பேசுகிறோம். ஆனால் மறுநாள் அம்மாவிடம், 'அவனுக்கு எப்போதும் அவசரம், பாதியில் வெட்டிவிட்டு வைத்துவிட்டான்' என்கிறாராம். நான் வைக்கப்போகும் நேரம் பார்த்துத்தான் அவர் புதிதாக எதையாவது ஆரம்பிக்கிறார். இதற்கு மேல் பேச எனக்கு நேரமில்லை. என்ன செய்வது?"

நேரத்தை நீட்ட வேண்டியதில்லை. முப்பது நிமிடமாகக் குறைத்தாலும் குற்றமில்லை. நீங்கள் மாற்ற வேண்டியது பேச்சை முடிக்கும் விதத்தை மட்டும்தான். அதற்கு முன்னால் ஒன்று: அப்பா மிகைப்படுத்துகிறார் என்று எண்ணிவிடாதீர்கள். அவர் நினைவில் அந்த உரையாடல் உண்மையிலேயே அப்படித்தான் தங்கியிருக்கிறது.

ஒரு அனுபவம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை நம் நினைவு சரியாகக் கணக்கில் வைப்பதில்லை. அதன் உச்சமான கணமும் முடிந்த விதமும்தான் மொத்தத்துக்கும் மதிப்பெண் போடுகின்றன. உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1993ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அதில் கலந்துகொண்டவர்கள் ஒரு முறை 14 டிகிரி செல்சியஸ் குளிர்நீரில் 60 விநாடி கையை வைத்திருந்தார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடிக்குப் பிறகு கையை எடுக்காமல் மேலும் 30 விநாடி வைத்திருக்க, அந்த நேரத்தில் நீர் 15 டிகிரி வரை மெல்லச் சூடாக்கப்பட்டது. அதுவும் குளிர்தான், வேதனை சற்றுக் குறைந்தது, அவ்வளவே. எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டபோது மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் நீளமான இரண்டாவதையே தேர்ந்தெடுத்தார்கள். கூடுதலாக வேதனைப்பட்டது அவர்கள் நினைவில் நிற்கவில்லை, முடிவு சற்று இதமாக இருந்தது நின்றுவிட்டது.

உங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் நடப்பது இதன் தலைகீழ் வடிவம். முப்பத்தெட்டு நிமிடம் இதமாகப் போகிறது, கடைசி இரண்டு நிமிடம் கரடுமுரடாக முடிகிறது. மறுநாள் அம்மா கேட்கும்போது அப்பாவின் நாவில் முதலில் வந்து நிற்பது அந்த இரண்டு நிமிடம்தான்.

சரி, அவர் ஏன் சரியாக நீங்கள் வைக்கும் நேரத்தில் புது விஷயத்தை எடுக்கிறார்? இதற்கு விடை உரையாடலின் அமைப்பிலேயே இருக்கிறது. இமானுவேல் ஷெக்லாஃப், ஹார்வி சாக்ஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் பதிவுசெய்யப்பட்ட பேச்சுகளை, முக்கியமாகத் தொலைபேசி உரையாடல்களை, வரி வரியாக ஆராய்ந்து 1973இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பேச்சு தானாக நின்றுவிடுவதில்லை. இனி அடுத்தவர் பேசாமலிருப்பது வெறும் மௌனமாகப் படாத ஓர் இடத்துக்கு இருவரும் சேர்ந்து வந்து சேர வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் கண்டது. அந்த இடத்துக்கு இட்டுச் செல்லும் முதல் படி "சரி...", "அப்புறம்..." போன்ற சிறு சொற்கள். இவற்றைச் சொல்பவர் புதிதாக எதையும் பேசாமல் தன் முறையை விட்டுக்கொடுக்கிறார். 'என்னிடம் வேறு எதுவும் இல்லை, உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்' என்பதுதான் அதன் பொருள். கேட்பவர் திருப்பி "சரி" என்றால் விடைபெறும் சொற்களுக்குப் போகலாம். இல்லையென்றால் அதுவரை சொல்லாமல் வைத்திருந்ததை எடுத்து வைக்கலாம்.

ஆக, உங்கள் அப்பா ஒழுங்கு தவறவில்லை. நீங்கள் கதவைத் திறந்தீர்கள், அவர் உள்ளே வந்தார். அந்தக் கதவை நாற்பதாவது நிமிடத்தில், காலில் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது திறந்ததுதான் சிக்கல்.

மருத்துவர்களுக்கும் இது பழகிய தொல்லை. நோயாளி கிளம்பும் நேரத்தில், "அப்புறம் டாக்டர், இன்னொன்று..." என்று ஆரம்பிப்பார். 1994இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு சந்திப்பில், முடியும் தறுவாயில் புதுப் பிரச்சினை ஒன்று எழுந்திருந்தது. பேச்சு இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அடுத்து என்ன என்று மருத்துவர் இடையிடையே சொல்லிக்கொண்டு வந்த சந்திப்புகளில் இது குறைவாகவே நடந்தது. உங்களுக்கும் இதுவே வழி.

இப்போது நடப்பதை ஒரு முறை எழுதிப் பார்ப்போம். நீங்கள் சொன்னதை வைத்து நான் ஊகித்த வடிவம் இது:

"சரிப்பா, வேலை இருக்கிறது, வைக்கட்டுமா?"
"ம்... மாடிப்படி ஏறும்போது முழங்கால் கொஞ்சம் பிடிக்கிறது."
"டாக்டரைப் பாருங்கள் அப்பா. அடுத்த வாரம் பேசுவோம். வைக்கிறேன்."

முழங்கால் வலியை அவர் அந்த நொடியில் நினைத்துக்கொள்ளவில்லை. பேச்சு தொடங்கியதிலிருந்தே மனதில் இருந்திருக்கும். உடம்பைப் பற்றிய பேச்சை முதலிலேயே எடுக்கப் பெரியவர்கள் பலர் தயங்குவார்கள். அதற்குக் கிடைத்த பதில் ஓர் உத்தரவு. அறிவுரை சரிதான், ஆனால் அவர் காதில் அது 'இந்தப் பேச்சு போதும்' என்றே விழும். கடைசியில் "வைக்கிறேன்" என்று நீங்களே முடித்துவிட்டீர்கள். விடைபெறுதல் இருவர் ஆளுக்கொரு வரி சொல்லி முடிக்கும் காரியம். அவருடைய வரிக்கு இடமே இல்லாமல் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு, முப்பதாவது நிமிடத்தை ஒட்டி, பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அப்பா, எனக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. என்னிடம் சொல்ல நினைத்திருப்பதை இப்போது சொல்லுங்கள்." 'வேறு ஒன்றும் இல்லையே?' என்று கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்பதைத் தவிர வேறு பதில் சொல்லச் சங்கடமாக இருக்கும். கேட்டபின் நான்கைந்து விநாடி பேசாமல் இருங்கள். தொலைபேசியில் அது நீண்ட மௌனமாகத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் அங்கே வரும். வந்ததும் தீர்வு சொல்லாமல் இரண்டு கேள்வி கேளுங்கள்: எப்போதிலிருந்து வலிக்கிறது, ஏறும்போது மட்டுமா, இறங்கும்போதுமா? அதன் பிறகு டாக்டரைப் பார்க்கச் சொன்னால் அதே சொல் அக்கறையாகக் கேட்கும்.

பிறகு முடிவு:

"மணி எட்டாகப் போகிறது அப்பா, குழந்தையைத் தூங்கவைக்க வேண்டும். நீங்கள் சைக்கிளில் வேலைக்குப் போன கதை இத்தனை வருடமாக எனக்குத் தெரியாது. முழங்கால் எப்படி இருக்கிறது என்று புதன்கிழமை கேட்கிறேன்."
"சரி, கேள்."
"உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்."
"நீயும் நேரத்துக்குத் தூங்கு."
"வைக்கட்டுமா அப்பா?"
"வை."

இதைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. இதில் அதிகம் வேலை செய்வது சைக்கிள் வரிதான் என்பது என் எண்ணம். "பேசியது ரொம்ப சந்தோஷம்" என்பதை யாரிடமும் எந்த நாளிலும் சொல்லிவிடலாம். அதனாலேயே அது இன்றைய பேச்சோடு ஒட்டாது. அவர் சொன்னதிலிருந்து ஒன்றை எடுத்துத் திருப்பிக் கொடுக்கும்போது, கேட்டுக்கொண்டிருந்தீர்கள் என்பதற்கு அத்தாட்சி கிடைக்கிறது. பேச்சின் நல்ல கணமும் மறுபடி கடைசிக்கு வந்து சேர்கிறது. பேசும்போதே அந்த ஒன்றைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், கடைசி நொடியில் தேடினால் கிடைக்காது.

காரணம் சொல்லும்போதும் கவனம் வேண்டும். "வேலை இருக்கிறது" என்றால் அப்பா அந்த வேலைக்கு இடைஞ்சல் என்றாகிவிடுகிறது. குழந்தை, சமையல், பஸ் என்று இன்னதென்று சொல்லிவிட்டால் அவரும் உங்கள் பக்கம் வந்துவிடுவார். பொய்க் காரணம் சொல்லாதீர்கள். வாரந்தோறும் பேசுகிறவருக்குப் பொய் தெரிந்துவிடும். புதன்கிழமை என்று சொன்னால் புதன்கிழமை கேட்டுவிடுங்கள், இரண்டு வரிக் குறுஞ்செய்தியே போதும். முடியாதென்றால் நாள் குறிப்பிடாதீர்கள். இரண்டு மூன்று முறை தவறிவிட்டால் அடுத்த முறை நீங்கள் எவ்வளவு இதமாக விடைபெற்றாலும் அது ஒப்புக்குச் சொன்னதாகவே கேட்கும்.

சரியாக முடிந்ததா என்பதை அவர் கடைசியாகச் சொல்வதிலிருந்தே கண்டுபிடிக்கலாம். "நேரத்துக்குத் தூங்கு", "மழையில் வெளியே போகாதே" என்று உங்களுக்காக ஏதாவது சேர்த்துச் சொன்னால் அவரும் விடைபெறுகிறார் என்று பொருள். அதைப் புது விஷயமாக எடுத்துக்கொண்டு அவசரப்படாதீர்கள், "சரிப்பா" என்று வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் "ம்... சரி... சரி" என்று குரல் தேய்ந்தால் சொல்ல வேண்டியது இன்னும் மிச்சம் இருக்கிறது. உண்மையிலேயே பெரிய விஷயம் ஒன்று அப்போது கிளம்பினால் அரைகுறையாகக் கேட்காதீர்கள். "வீட்டை விற்பது பற்றி நிதானமாகப் பேச வேண்டும் அப்பா, அடுத்த ஞாயிறு அதிலிருந்தே தொடங்குவோம்" என்று விஷயத்தின் பெயரைச் சொல்லி ஒத்திவையுங்கள். அடுத்த ஞாயிறு அதை எடுக்க வேண்டியது நீங்கள். அவர் நினைவூட்டும்வரை காத்திருக்கக் கூடாது.

இந்த முறை எடுபடாத இடமும் உண்டு. நடுவில் வாக்குவாதம் வந்துவிட்டால், முடிவைப் போலவே அந்த உச்சமும் நினைவில் தங்கும். அதன் மேல் இனிப்பான வரியைப் பூசினால் அவர் சொன்னதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் படும். அன்றைக்கு அதையே சொல்லி விடைபெறுங்கள்: "இன்று பண விஷயத்தில் நமக்கு ஒத்துப்போகவில்லை அப்பா. யோசித்துவிட்டுப் பேசுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் அழைப்பேன்." கோபம் இன்னும் இருந்தால், இல்லை என்று சொல்லாதீர்கள்.

பேச்சின் நடுவில் இணைப்பு அறுந்துபோனால், பேச வேண்டியதெல்லாம் பேசியாகிவிட்டது என்று தோன்றினாலும் மறுபடி அழையுங்கள். "கட் ஆகிவிட்டது அப்பா, சொல்லிவிட்டு வைக்கலாம் என்று அழைத்தேன்" என்று தொடங்கி முடிக்க ஒரு நிமிடம் போதும். இணைப்பே கிடைக்கவில்லையென்றால் அதே வரிகளைக் குரல்பதிவாக அன்றைக்கே அனுப்பிவிடுங்கள், மறுநாளுக்குத் தள்ளாதீர்கள்.