லேப்டாப் கைக்கு வரும்வரை கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைக்கலாமா?

கேள்வி: வீட்டிலிருந்தே வேலை பார்த்துவந்த நான் ராஜினாமா செய்து, நிறுவனம் ஏற்பாடு செய்த கூரியரில் லேப்டாப்பை அனுப்பிவிட்டேன். திரையில் விரிசல் இருப்பதாகக் கூறி, புதிய லேப்டாப்பின் விலையான 70,000 ரூபாயைக் கேட்கிறார்கள். கடைசி மாதச் சம்பளம் 60,000 ரூபாயையும் முழுவதுமாக நிறுத்திவிட்டார்கள். இது செல்லுமா?

பதில்: செல்லாது. இந்தியாவில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்கும் சேர வேண்டிய ஊதியத்தை 2 வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட பொருள் ஊழியரின் கவனக்குறைவாலோ தவறாலோ சேதமடைந்தால் பிடித்தம் செய்ய அதே சட்டம் இடம் தருகிறது என்பதும் உண்மைதான். ஆனால் பிடிக்கும் தொகை உண்மையான இழப்பைத் தாண்டக் கூடாது. உங்கள் விளக்கத்தைக் கேட்காமல் பிடிக்கக் கூடாது. எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து அந்த ஊதியத்தில் பாதியைத் தாண்டவும் கூடாது.

திரையை மாற்ற 12,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். தவறு உங்களுடையது என்று நிலைநாட்டப்பட்டாலும், பிடிக்கக்கூடியது அந்த 12,000 ரூபாய்தான். மீதி 48,000 ரூபாய் உங்கள் கைக்கு வர வேண்டும். சேதம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்தச் சம்பளத்திலிருந்து 30,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. அவர்கள் ஏற்பாடு செய்த கூரியரில் போகும் வழியில் உடைந்திருந்தால், அதை உங்கள் கவனக்குறைவு என்று சொல்வதற்கே அடிப்படை இல்லை. வழக்கு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது. ஆகவே பெட்டியில் வைக்கும் முன், திரை ஒளிரும் நிலையிலும் சீரியல் எண் தெரியும்படியும் எடுத்த படங்களும், கூரியர் ரசீதும் இருந்தால் அவற்றை இணைத்து, பழுதுபார்ப்பு மதிப்பீட்டைக் கேட்டு ஹெச்.ஆருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம் 3 ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம்.

கேள்வி: சம்பளம் வரும்வரை லேப்டாப்பைத் தராமல் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சம்பளப் பாக்கி இருப்பதால் நிறுவனத்தின் பொருள் உங்களுடையதாகிவிடாது. நம்பிக்கை மோசடி என்று காவல் துறையில் புகார் கொடுக்க அது வழி திறந்துவிடும். உங்கள் நியாயமான கோரிக்கையும் அதனால் வலுவிழக்கும். பொருளைக் கொடுத்து, எழுத்தில் ஒப்புகை வாங்கிக்கொண்டு, பாக்கியைத் தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டேன். எட்டு ஆண்டுப் பணிக்கான பணிக்கொடையையும் அதனால் தர மறுக்கிறார்கள்.

பதில்: ராஜினாமா செய்தவரின் பணிக்கொடையை இதற்காக நிறுத்த முடியாது. நிறுவனத்துக்கு இழப்பை ஏற்படுத்திய செயலுக்காகவோ, சட்டம் குறிப்பிடும் வேறு கடுமையான நடத்தைக்காகவோ பணிநீக்கம் செய்யப்பட்டவரிடம் மட்டுமே அதைப் பறிமுதல் செய்யச் சட்டம் இடம் தருகிறது. மற்றவர்களுக்கு, அது சேர வேண்டிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். தாமதித்தால் வட்டியும் உண்டு. அட்டை தொலைந்ததை எழுத்தில் தெரிவித்து, அதன் நுழைவு அனுமதியை முடக்கச் சொல்லுங்கள்.