உள்ள போகாத கட்டி எல்லாம் நாலாவது கிரேடு மூலம் இல்ல

சார் வணக்கம், எனக்கு பேர்ணாம்பட்டு பக்கம், ஷூ கம்பெனில வேலை. நாலு நாள் முன்னாடி தோல் பண்டல் தூக்கினேன், அன்னிக்கு நைட்டே பின்னாடி பட்டாணி மாதிரி கட்டி வந்துடுச்சி, உக்கார முடியல. ரத்தம் போவல. தள்ளி பாத்தேன், உள்ள போவல. அப்படின்னா மூலம், அதுவும் நாலாவது கிரேடு, ஆபரேஷன் தான்னு ஃப்ரெண்டு சொல்றான். நெஜமா சார்?

தம்பி, முதல்ல அத தள்றத நிறுத்துங்க. நேர்ல பாக்காம உறுதியா சொல்ல முடியாது, ஆனா நீங்க சொல்றது வெளிமூலத்துல ரத்தம் உறைஞ்சி கட்டினது மாதிரி இருக்கு. வெளிய உருவான கட்டி அது, உள்ள போறதுக்கு எடமே இல்ல.

ஆசனவாய்க்குள்ள சுமார் ரெண்டு சென்டிமீட்டர்ல ஒரு கோடு இருக்கு. கோட்டுக்கு மேல வர்றது உள்மூலம், அங்க குடலோட சவ்வு தான், வலி தெரியற நரம்பு கிடையாது, அதனால வலியே இல்லாம மோஷன் போறப்ப பளிச்னு சிவப்பா ரத்தம் சொட்டும். கீழ வர்றது வெளிமூலம், மேல மூடியிருக்கறது தோலு, ஊசி குத்தினா எப்படி தெரியுமோ அப்படி வலிக்கும்.

கிரேடு நாலும் உள்மூலத்துக்கு மட்டும் தான், அதுவும் எவ்வளவு வெளிய இறங்குதுன்றத வெச்சி. வெளிய இறங்காம ரத்தம் மட்டும் போனா ஒண்ணு. முக்கறப்ப வெளிய வந்து தானா உள்ள போனா ரெண்டு. வெரலால தள்ளினா தான் போவும்னா மூணு. தள்ளினாலும் நிக்காம வெளியவே இருந்தா நாலு. ரெண்டு, சில மூணாவது கிரேடுக்கு கூட ரப்பர் பேண்ட் போட்டு விடுவாங்க, கோட்டுக்கு மேல போடறதால பெருசா வலிக்காது, சில நாள்ல சுருங்கி தானா விழுந்துடும். நாலாவதுக்கு தான் பெரும்பாலும் ஆபரேஷன்.

உங்களுக்கு திடீர்னு வந்திருக்கு, கெட்டியா, லேசா நீலமா, மேல தோல் இருந்தா அது உறைஞ்ச ரத்தம் தான். முதல் மூணு நாளுக்குள்ள வந்தா மரத்துப்போக ஊசி போட்டு கட்டிய எடுத்து விடலாம், சட்டுனு வலி அடங்கும். நாலு நாள் ஆயிடுச்சின்னா வலி ஏற்கனவே குறைய ஆரம்பிக்கற நேரம், வெட்டறதால பெரிய லாபம் இல்ல, வெதுவெதுப்பான தண்ணி டப்புல பத்து பதினைஞ்சி நிமிஷம், ஒரு நாளைக்கு ரெண்டு மூணு வேள உக்காருங்க, மோஷன் இளகலா போற மாதிரி இசப்கோல், தண்ணி. ரெண்டு மூணு வாரத்துல சுருங்கிடும், சில பேருக்கு ஒரு தோல் மடிப்பு மிஞ்சும், அதுக்கு பயப்பட வேணாம்.

ஒருவேளை கட்டி ஈரமா சிவப்பா சதையா சுத்தியும் வீங்கியிருந்தா, கறுத்துட்டே போனா, காய்ச்சல், ஒண்ணுக்கு வராம அடைக்கறது இருந்தா அது வேற, உள்மூலம் வெளிய வந்து மாட்டிக்கினு ரத்த ஓட்டம் நின்னுருக்கலாம், அன்னிக்கே வேலூர்ல ஏதாவது பெரிய ஆஸ்பத்திரிக்கு எமர்ஜென்சில போயிடுங்க. மத்தபடி இந்த வாரத்துக்குள்ள ஒரு சர்ஜன்கிட்ட ஒரு தடவ காட்டிடுங்க, சீழ் கட்டியும் இதே மாதிரி தான் வலிக்கும்.