மை கார்ட்ரிட்ஜ் விற்பவர் தலைப்பில் எந்த எண்ணைப் போட வேண்டும்?

கேள்வி: ஆன்லைனில் பிரிண்டர் மை விற்கிறேன். எந்த பிரிண்டருக்கு என்று தலைப்பிலேயே போட்டும் ‘பொருந்தவில்லை’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். மாடல் எண்ணை எப்படித்தான் எழுதுவது?

‘டெஸ்க்ஜெட் 2700 சீரிஸுக்கான மை’ என்ற மாதிரிதான் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சிக்கலே அதுதான். தலைப்பில் இருக்க வேண்டியது கார்ட்ரிட்ஜின் எண். பிரிண்டரின் பெயரை உள்ளே, விவரப் பகுதிக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

வாங்குபவரைக் குறை சொல்வதற்கு முன்னால் அவருக்கு அந்தப் பெயர் எங்கிருந்து கிடைக்கிறது என்று பாருங்கள். மை தீர்ந்ததும் கணினியில் பிரிண்டர் பட்டியலைத் திறக்கிறார். அங்கே ‘HP DeskJet 2700 series’ என்று இருக்கிறது. டிரைவர் மென்பொருள் ஒரு குடும்பம் முழுவதற்கும் பொதுவாக வைத்த பெயர் அது. அவர் கையில் இருப்பது 2720 ஆக இருக்கலாம், 2755 ஆகவும் இருக்கலாம். ஐரோப்பாவில் விற்கும் 2720-க்கு 305 என்ற கார்ட்ரிட்ஜ். வட அமெரிக்காவில் விற்கும் 2755-க்கு 67. ஆசியாவில் ‘இங்க் அட்வான்டேஜ்’ என்ற பெயரில் வரும் 2775-க்கு 682. மூன்றும் ஒரே குடும்பம், கார்ட்ரிட்ஜும் பார்வைக்கு ஒரே மாதிரிதான். ஆனால் ஒன்றுக்கு உரியதை மற்றொன்றில் போட்டால் பிரிண்டர் ஏற்காது, பொருந்தாத கார்ட்ரிட்ஜ் என்று காட்டும். அதைப் பார்ப்பதற்குள் அவர் உறையைக் கிழித்து, மைத்துளை மேல் இருக்கும் டேப்பையும் உரித்திருப்பார். திரும்பி வரும் பொருளை நீங்கள் மறுபடி விற்க முடியாது.

சிலர் இன்னும் பொறுப்பாகப் பிரிண்டரைத் திருப்பி, ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். அங்கே பெரும்பாலும் ‘Regulatory Model Number’ என்று ஒரு குறியீடு இருக்கும். அது அரசு விதிமுறைகளுக்காகத் தரும் எண். விற்பனைப் பெயர் அல்ல, அதை வைத்து மை தேட முடியாது. அந்த எண்ணோடு ஒருவர் உங்களிடம் கேள்வி கேட்டால், பிரிண்டரின் முகப்பில் அச்சாகியிருக்கும் பெயரைக் கேளுங்கள். அதைவிட நல்லது, மூடியைத் திறந்து இப்போது உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜின் லேபிளில் உள்ள எண்ணைப் படிக்கச் சொல்வது. இதுவரை ஒழுங்காக ஓடிய கார்ட்ரிட்ஜின் எண்ணைவிட நம்பகமான சான்று வேறு கிடையாது.

305-ஐயே எடுத்துக்கொண்டு ஒரு தலைப்பு எழுதிப் பார்ப்போம்.

```
HP 305 கருப்பு மை கார்ட்ரிட்ஜ், 3YM61AE, ஒரிஜினல்
```

பிராண்ட், எண், நிறம், தயாரிப்புக் குறியீடு, ஒரிஜினலா இல்லையா. இவ்வளவு போதும். இதில் பலரும் விட்டுவிடுவது 3YM61AE என்ற தயாரிப்புக் குறியீடு. அட்டைப்பெட்டியிலேயே அச்சாகியிருக்கும். கருப்பு 3YM61AE, மூவண்ணம் 3YM60AE, கருப்பு எக்ஸ்எல் 3YM62AE என்று ஒவ்வொன்றுக்கும் தனி. கடைசி இரண்டு எழுத்து விற்பனைப் பகுதியைச் சொல்லும்: AE ஐரோப்பா, AN வட அமெரிக்கா, AA ஆசியா. 67 கருப்பு 3YM56AN, 682 கருப்பு 3YM77AA. விவரம் தெரிந்தவர்கள் இந்தக் குறியீட்டை அப்படியே தேடி வருவார்கள், அவர்களிடமிருந்து ரிட்டர்ன் வருவது அரிது.

விவரத்தின் முதல் வரியில் பொருளைப் புகழ வேண்டாம். இப்படி எழுதுங்கள்:

```
உங்கள் பிரிண்டரில் இப்போது இருக்கும் கார்ட்ரிட்ஜின் லேபிளில்
305 அல்லது 305XL என்று இருந்தால் மட்டும் இதை வாங்கவும்.
```

எக்ஸ்எல்லையும் சேர்ப்பதற்குக் காரணம், இரண்டும் அதே பிரிண்டரில் பொருந்தும் என்பதுதான். வித்தியாசம் மையின் அளவு. நிறுவனம் சொல்லும் கணக்கில் 305 கருப்பு சுமார் 120 பக்கம், எக்ஸ்எல் சுமார் 240 பக்கம். இதைச் சொல்லாவிட்டால், பழைய கார்ட்ரிட்ஜில் 305XL என்று பார்த்தவர் உங்கள் 305 தனக்கு ஆகாது என்று போய்விடுவார்.

அதற்குக் கீழே பிரிண்டர் பட்டியல். இங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும். ‘2710/20/21/22’ என்று சுருக்காதீர்கள். 2722 என்று தேடுபவருக்கு அது அகப்படாது. ‘2710 முதல் 2799 வரை’ என்று எழுதினால் இன்னும் மோசம், 2755-ம் 2775-ம் அதற்குள் விழுந்துவிடும். ஒவ்வொன்றையும் முழுப்பெயராக எழுதுங்கள்: DeskJet 2710, DeskJet 2720, DeskJet 2722, DeskJet Plus 4120, ENVY 6020 என்று. பட்டியலைப் படமாக மட்டும் போட்டால் தேடலுக்கு அது தெரியாது. எழுத்தாகவும் வேண்டும். மற்ற விற்பனையாளரின் பட்டியலை நகலெடுக்காதீர்கள். அவரும் இன்னொருவரிடமிருந்து எடுத்திருப்பார், ஒரு பிழை பத்துக் கடைகளில் ஓடிக்கொண்டிருக்கும். தயாரிப்பாளரின் தளத்தில் அந்த பிரிண்டரின் பக்கத்தைத் திறந்து, எந்த கார்ட்ரிட்ஜ் என்று பார்த்து ஒவ்வொன்றாகச் சேர்ப்பதுதான் வழி.

எவற்றுக்குப் பொருந்தாது என்றும் சொல்ல வேண்டும், ஆனால் சொல்லும் இடம் முக்கியம். ‘67, 682, 303, 304 அல்ல’ என்று விவரத்தில் எழுத்தாகப் போட்டால், 304 தேடுபவருக்கும் உங்கள் 305 வந்து நிற்கும். தவிர்க்க நினைத்த ஆளையே கூப்பிட்டு உட்கார வைத்த மாதிரி ஆகிவிடும். அதனால் பொருந்தும் எண்களை எழுத்திலும், பொருந்தாத எண்களை இரண்டாவது படத்திலும் வையுங்கள். தேடலுக்கு என்று தரும் குறிச்சொற்களிலும் அந்த எண்கள் வரக்கூடாது. தலைப்பில் எல்லா எண்ணையும் நிரப்பினால்தான் பார்வை கூடும் என்று இங்கேயே சிலர் பதில் எழுதக்கூடும். பார்வை கூடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அப்படிக் கூடுவதில் ஒரு பங்கு, தவறான கார்ட்ரிட்ஜை வாங்கப் போகிறவர்களின் பார்வை.

ஒரே பக்கத்தில் தேர்வு செய்யும் பெட்டி வைப்பவர்கள் செய்யும் தவறும் இதே வகைதான். 305 கருப்பு, 305 மூவண்ணம், 305XL கருப்பு ஆகியவற்றை ஒரே பெட்டியில் வைக்கலாம், எல்லாம் ஒரே பிரிண்டருக்கு உரியவை. அதில் 304-ஐயும் சேர்த்தீர்களானால், மேலே இருக்கும் பிரிண்டர் பட்டியல் இரண்டுக்கும் பொது என்று வாங்குபவர் நினைப்பார். எண் மாறினால் பக்கமும் மாற வேண்டும்.

நீங்கள் ஒரிஜினல் அல்லாத கார்ட்ரிட்ஜோ மறுநிரப்பு செய்ததோ விற்கிறீர்கள் என்றால் இதைக் கட்டாயம் கவனியுங்கள். 2720-க்கும் 2720e-க்கும் ஒரே 305தான். ஆனால் பெயரின் முடிவில் e வரும் மாடல்கள் எச்பி பிளஸ் என்ற திட்டத்துக்கானவை. பிரிண்டரை நிறுவும்போது அதை ஏற்றுக்கொண்டவர் அதன்பின் எச்பியின் ஒரிஜினல் மையை மட்டுமே பயன்படுத்த முடியும். உங்கள் கார்ட்ரிட்ஜ் அளவில் சரியாகப் பொருந்தும், பிரிண்டர் மறுத்துவிடும். வாங்கியவர் தரக்குறைவு என்று விமர்சனம் எழுதுவார். ஆகவே ஒரிஜினல் அல்லாத சரக்கின் பட்டியலில் e மாடல்களைச் சேர்க்காதீர்கள். e இல்லாத மாடலிலும் மென்பொருள் புதுப்பிப்பு வந்தபின் வேறு நிறுவனச் சிப் உள்ள கார்ட்ரிட்ஜைப் பிரிண்டர் நிறுத்தக்கூடும் என்பதால், அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுவது நேர்மை.

மற்ற பிராண்டுகளில் சிக்கும் இடம் வேறு. கேனானில் PG-745 கருப்பு, அதன் ஜோடி CL-746 வண்ணம். ஒரு எண் தள்ளியிருப்பது பலருக்குத் தெரியாது, ‘745 கலர்’ என்று தேடுவார்கள். கருப்பின் பக்கத்தில் ‘இதன் வண்ண ஜோடி CL-746’ என்று எழுதிவிடுங்கள். அதே வரிசை ஐரோப்பாவில் PG-545, அமெரிக்காவில் PG-245. பிரதரில் LC3211-ம் LC3213-ம் ஒரே பிரிண்டரில் பொருந்தும், பின்னது அதிக மை கொண்டது. LC3217 என்பது வேறு பிரிண்டர்களுக்கானது. எண்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதை வைத்து எதையும் ஊகிக்க முடியாது.

எப்சனின் 502-ஐ நினைத்தால்தான் உண்மையில் கோபம் வருகிறது. வட அமெரிக்காவில் 502 என்பது ஈகோடேங்க் பிரிண்டரில் ஊற்றும் மை பாட்டில். ஐரோப்பாவில் அதே 502, XP-5100 போன்ற பிரிண்டருக்கான கார்ட்ரிட்ஜ். ஒரே நிறுவனம், ஒரே எண், இரண்டு வெவ்வேறு பொருள். எண்ணைச் சரியாகப் படித்து வாங்கியவர்கூட ஏமாந்து நிற்பார். இந்த மாதிரி இடத்தில் தலைப்பிலேயே ‘பாட்டில்’ அல்லது ‘கார்ட்ரிட்ஜ்’ என்று வர வேண்டும், முதல் படமும் அட்டைப்பெட்டியை மட்டும் காட்டாமல் உள்ளே இருப்பதைக் காட்ட வேண்டும்.

கடைசியாக, கணக்கு வைக்கும் முறை. ஒரு விரிதாளில் ஒரு வரிக்கு ஒரு பிரிண்டர், ஒரு கார்ட்ரிட்ஜ் என்று எழுதுங்கள். தயாரிப்பாளர் தளத்தில் எந்தத் தேதியில் சரிபார்த்தீர்கள் என்பதற்கு ஒரு நெடுவரிசை. ரிட்டர்ன் வரும்போது காரணம் கேட்பதோடு நிறுத்தாமல், பிரிண்டரின் முகப்பில் உள்ள பெயரையும் பழைய கார்ட்ரிட்ஜின் எண்ணையும் வாங்கி அதிலேயே பதியுங்கள். இரண்டும் உங்கள் பட்டியலோடு ஒத்துப்போனால் கோளாறு சரக்கில் அல்லது சிப்பில். பழைய கார்ட்ரிட்ஜின் எண் வேறாக இருந்தால் அவர் எந்தச் சொல்லைத் தேடி உங்களிடம் வந்தார் என்று கேளுங்கள். அந்தச் சொல் உங்கள் தலைப்பிலோ குறிச்சொல்லிலோ இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அன்றே எடுத்துவிடுங்கள்.