மெஷின் விலையும் செலவு, இஎம்ஐயும் செலவு என்றால் எப்படி?

"மதுரையில் சிறிய ஃப்ளெக்ஸ் பிரிண்டிங் கடை வைத்திருக்கிறேன். கடைக்கும் வீட்டுக்கும் ஒரே பேங்க் அக்கவுண்ட்தான். 2025-26இல் மொத்த வரவு 30,28,000 ரூபாய் காட்டுகிறது. டிசம்பரில் லோன் போட்டு மெஷின் வாங்கினேன். இதில் எது வருமானம், எது செலவு? கணக்கு எழுதுபவர், 'பில்லை நான் பார்த்துக்கொள்கிறேன், டாக்ஸே வராமல் செய்துவிடலாம்' என்கிறார்."

முதலில் வரவை மூன்றாகப் பிரியுங்கள். பேங்க் தந்த லோன் 4,00,000 வருமானம் அல்ல. உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து மாற்றிய தொகை 1,50,000 என்று வைத்துக்கொள்வோம், அதுவும் வருமானம் அல்ல. மீதி 24,78,000 வாடிக்கையாளர் கொடுத்தது. ஆனால் அதில் 18 சதவீத ஜிஎஸ்டி அடக்கம். அது அரசாங்கத்தின் பணம், உங்கள் கை வழியாகப் போகிறது, அவ்வளவுதான். 1.18ஆல் வகுத்தால் 21,00,000. இதுதான் உங்கள் விற்பனை. ரொக்கமாக வாங்கி, பேங்கில் போடாமல் செலவழித்தது இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும்.

இப்போது மெஷின். பில் 4,72,000, அதில் ஜிஎஸ்டி 72,000 என்று கொள்வோம். அந்த 72,000ஐ ஜிஎஸ்டி ரிட்டர்னில் வரவு எடுத்திருப்பீர்கள். இங்கே மறுபடி செலவாகக் காட்டக்கூடாது. மீதி 4,00,000ஐயும் இந்த வருடச் செலவாக எழுத முடியாது. மெஷினுக்குத் தேய்மானம் ஆண்டுக்கு 15 சதவீதம். டிசம்பரில் வாங்கியதால் மார்ச் 31 வரை 180 நாள் ஓடவில்லை, எனவே பாதிதான்: 7.5 சதவீதம், அதாவது 30,000. இஎம்ஐ மாதம் 13,100 வீதம் மூன்று கட்டியிருந்தால் 39,300 போயிருக்கும். அதில் வட்டி சுமார் 10,700 மட்டுமே செலவு. அசல், வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது. பேங்கில் வட்டிச் சான்று கேட்டு வாங்குங்கள், பாஸ்புக்கைப் பார்த்து ஊகிக்க வேண்டாம். மெஷின் விலை முழுவதும், இஎம்ஐ முழுவதும் என்று இரண்டையும் எழுதி லாபத்தைக் கரைக்கும் கணக்கை நிறையப் பார்க்கிறோம்.

கடை வாடகை, சம்பளம், மீடியா ரோல், இங்க், கடை மீட்டரின் கரண்ட் பில், ஆடிட்டர் ஃபீஸ் எல்லாம் செலவுதான். பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், வீட்டு மளிகை, உங்கள் எல்ஐசி ஆகியவை சொந்தச் செலவு, கடைக் கணக்கில் வராது. அனுமதியில்லாமல் பேனர் வைத்ததற்கு மாநகராட்சி போட்ட அபராதமும் வராது.

எல்லோரும் சறுக்கும் இடம் ரொக்கம். ஒரே நாளில் ஒரே நபருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தச் செலவு முழுவதும் செலவாக ஏற்கப்படாது. ரோல் சப்ளையரிடம் மூன்று பில்லுக்கு ஒரே நாளில் 28,000 கையில் கொடுத்தால், 18,000 அல்ல, 28,000மும் போச்சு. மூன்று பில்லாகக் கிழித்து வாங்குவது உதவாது. சட்டம் பில்லை எண்ணுவதில்லை, நாளையும் நபரையும் பார்க்கிறது. சரக்கு வண்டிக்காரருக்கு மட்டும் வரம்பு 35,000. ஆனால் அவர் வண்டி ஓட்டுவதை, வாடகைக்கு விடுவதைத் தொழிலாகச் செய்பவராக இருக்க வேண்டும். சப்ளையரே தன் வேனில் இறக்கிவிட்டு, வண்டிக்கூலியைச் சரக்கு விலையோடு வாங்கினால் பழைய 10,000தான். இறக்குகூலிக்காரருக்கும் 10,000தான். லாரி என்ற சொல் பில்லில் இருந்தாலே 35,000 என்று நினைப்பவர்கள் உண்டு.

இவ்வளவு பிரித்தெழுத முடியாது என்றால், விற்பனை 2 கோடிக்குள் இருப்பதால் உத்தேச லாப வழி இருக்கிறது: பேங்க் வழி வரவில் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் லாபம் என்று காட்டலாம். எல்லாமே பேங்க் வழி என்றால் 21 லட்சத்துக்கு 1,26,000. அதற்குப் பிறகு வாடகை, தேய்மானம், வட்டி எதையும் கழிக்க முடியாது. உண்மை லாபம் கூடுதல் என்றால் கூடுதலைத்தான் காட்ட வேண்டும். போன வருடம் இந்த வழியில் போய்விட்டு இந்த வருடம் விலகினால், அடுத்த 5 வருடத்துக்கு உள்ளே வர முடியாது.

'பில்லை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: அந்த பில்லின் சப்ளையர் யார், பணம் எந்த அக்கவுண்டிலிருந்து போனது? சரக்கே வராத பில்லைச் செலவில் எழுதினால், பிடிபடும்போது மறைத்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். ரிட்டர்னில் கையெழுத்து உங்களுடையது. அவர் ஃபீஸை வாங்கிக்கொண்டு போய்விடுவார். வருமான வரி போர்ட்டலோ நீங்கள் ரிட்டர்ன் போடும்போது ஒரு வார்த்தை கேட்காது, பிற்பாடு நோட்டீஸில்தான் கேட்கும். நிரப்புவதற்கு முன், உங்கள் வரவு செலவு பற்றி வருமான வரித் துறையிடம் உள்ள தகவல் பட்டியலான ஏஐஎஸ்ஸை இறக்கி, அதிலுள்ள ஜிஎஸ்டி விற்பனைத் தொகையும் உங்கள் 21,00,000மும் ஒன்றுதானா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் எந்த மாதத்தில் என்று கண்டுபிடித்த பிறகே சமர்ப்பியுங்கள்.